தாத்தா ஏன் கஞ்சிக்கு மாறினார்?

ஜப்பானில் குளிர்பதனப் பெட்டி பரவியபின் உப்பில் ஊறிய மீன், காய்கறி உண்பது குறைந்தது. இரைப்பைப் புற்றுநோயும் குறைந்தது. காரணம் அது மட்டுமல்ல, ஆனால் உப்புக்கும் பங்குண்டு. மிகுந்த உப்பு இரைப்பைச் சுவரின் சளிப்படலத்தைச் சிதைக்கிறது. அங்கே ஹெலிகோபேக்டர் பைலோரி கிருமியும் குடியிருந்தால் அழற்சி ஆண்டுக்கணக்கில் நீடித்து, உயிரணுக்கள் மெல்ல மாறக்கூடும். நல்லவேளை, இக்கிருமியை மருந்தால் ஒழிக்கலாம்.

சிகரெட் இரைப்பையோடு உணவுக்குழாயையும் தாக்குகிறது. மதுவும் சேர்ந்தால் ஆபத்து பன்மடங்கு. கட்டி வளர்ந்து குழாய் குறுகும்போது முதலில் இறைச்சியும் ரொட்டியும் சிக்கும். பிறகு குழைந்த சோறு, கடைசியில் தண்ணீர். தாத்தா சோற்றை விட்டுக் கஞ்சிக்கு மாறி, சட்டையும் தொளதொளத்தால் ‘வயசாயிடுச்சு’ என்று விட்டுவிடாதீர்கள். மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். இரைப்பையிலோ தொடக்கத்தில் வெறும் அசீரணம்தான் தெரியும். கொஞ்சம் தின்றதும் வயிறு நிறைவது, தார்போல் கறுத்த மலம் இரண்டும் எண்டோஸ்கோப்பி செய்து பார்க்கவேண்டிய அறிகுறிகள்.