முதலில் பால், பிறகு வேற்றுமை: ஒரு ஜெர்மன் பத்தியைத் திருத்துவோம்

ஜெர்மன் படிக்கத் தொடங்கியவர்களுக்குச் சீக்கிரமே வரும் வீட்டுப்பாடம், அன்றாட வாழ்க்கையைப் பற்றி நாலைந்து வரி எழுதுவது. தமிழ் மாணவர் ஒருவர் எழுதும் பத்தி இப்படி இருக்கலாம். ஜெர்மன் சொற்களை ஏறக்குறைய உச்சரிப்புப்படியே தருகிறேன்:

"இஹ் ட்ரிங்க்கெ ஐன் காஃபே உன்ட் எஸ்ஸெ ஐனெ ப்ரோட். டன் நேமெ இஹ் டேர் புஸ் உன்ட் ஃபாரெ இன் டீ ப்யூரோ. ஆம் ஆபென்ட் கோஹெ இஹ் மிட் மைனெ முட்டர். நாஹ் டீ ஆபென்ட்எஸ்ஸன் லேஸெ இஹ் ஐன் பூஹ்."

காபி குடித்து ரொட்டி சாப்பிடுகிறேன். பிறகு பஸ் பிடித்து ஆபீசுக்குப் போகிறேன். சாயங்காலம் அம்மாவோடு சமைக்கிறேன். இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு புத்தகம் படிக்கிறேன் என்பது பொருள். வினைச்சொற்கள் சரி, சொல் வரிசையும் சரி. ஆறு இடங்களில் மட்டும், பெயர்ச்சொல்லுக்கு முன்னால் வரும் சிறு சொல் பிசகியிருக்கிறது. ஆறையும் ஒரே மூச்சில் திருத்தப் போனால் குழப்பம்தான் மிஞ்சும். பத்தியை இரண்டு முறை படித்து, ஒவ்வொரு முறையும் ஒரே ஒரு கேள்வி கேட்க வேண்டும்.

முதல் கேள்வி: இந்தப் பெயர்ச்சொல் என்ன பால்? தமிழில் காபி, ரொட்டி, பஸ், ஆபீஸ் எல்லாமே அஃறிணை. ஜெர்மனில் காபியும் பஸ்ஸும் ஆண்பால், அதாவது 'டேர்'. அம்மா பெண்பால், 'டீ'. ரொட்டி, ஆபீஸ், புத்தகம், இரவுச் சாப்பாடு நான்கும் நடுப்பால், 'டாஸ்'. இவற்றில் ஒன்றுக்குக் காரணம் சொல்ல முடியும். 'ஆபென்ட்எஸ்ஸன்' கூட்டுச்சொல். கூட்டுச்சொல்லின் பாலைக் கடைசிச் சொல்தான் முடிவு செய்யும். 'எஸ்ஸன்' என்பது சாப்பிடுதல் என்ற வினையிலிருந்து அப்படியே பெயரானது. அப்படி வரும் பெயர்கள் நடுப்பால். 'ப்ரோட்' போன்ற சொல்லுக்கு இப்படி எந்தத் தடயமும் இல்லை. அகராதியைப் பார்த்து, 'டாஸ் ப்ரோட்' என்று சேர்த்தே மனப்பாடம் செய்ய வேண்டியதுதான்.

இந்தச் சுற்றில் இரண்டு பிழைகள் முழுசாகத் தீர்கின்றன. 'ஐனெ ப்ரோட்' என்பது 'ஐன் ப்ரோட்' ஆகிறது. 'இன் டீ ப்யூரோ' என்பது 'இன் டாஸ் ப்யூரோ' ஆகி, பேச்சிலும் எழுத்திலும் 'இன்ஸ் ப்யூரோ' என்று சுருங்குகிறது. 'டீ ஆபென்ட்எஸ்ஸன்' பாதிதான் திருந்தியிருக்கிறது. பால் தெரிந்துவிட்டது, மீதி அடுத்த சுற்றில்.

இரண்டாவது கேள்வி: இந்தப் பெயர்ச்சொல் வாக்கியத்தில் என்ன வேலை செய்கிறது? தமிழ் வேற்றுமையைச் சொல்லின் கடைசியில் காட்டும்; ஜெர்மன் பெரும்பாலும் முன்னால் வரும் சொல்லில் காட்டும். செயப்படுபொருளாக வரும்போது ஆண்பால் மட்டுமே மாறும்: 'டேர்' என்பது 'டேன்' ஆகும், 'ஐன்' என்பது 'ஐனென்' ஆகும். எனவே 'ஐனென் காஃபே', 'டேன் புஸ்'. கடைசி வரியில் உள்ள 'ஐன் பூஹ்' நடுப்பால் என்பதால் மாறாமல் சரியாகவே நிற்கிறது.

தமிழர் இங்கே தடுக்குவதற்குக் காரணம் உண்டு. 'காபி குடிக்கிறேன்', 'பஸ் பிடிக்கிறேன்' என்று 'ஐ' உருபை விட்டுவிட்டே பேசுகிறோம். அதனால் மாற்றம் தேவை என்ற உணர்வே எழுவதில்லை. மனசுக்குள் 'காபியைக் குடிக்கிறேன்' என்று சொல்லிப் பாருங்கள். 'ஐ' பொருந்தினால், ஆண்பால் சொல்லை மாற்ற வேண்டும். இந்தச் சோதனை எல்லா இடத்துக்கும் செல்லாது. 'ஆபீசுக்கு' என்று நாம் 'கு' போடுகிற இடத்தில், ஜெர்மன் 'இன்' போய்ச் சேரும் இடத்தைக் குறிப்பதால் செயப்படுபொருள் வடிவத்தையே கேட்கிறது. அதே ஆபீசில் வேலை செய்கிறேன் என்றால் 'இம் ப்யூரோ' என்று வடிவம் மாறிவிடும்.

'மிட்', 'நாஹ்' இரண்டிலும் இந்தச் சிக்கல் இல்லை. இவற்றுக்குப் பின் எப்போதும் நான்காம் வேற்றுமைக்கு நிகரான வடிவம்தான். அதில் ஆண்பாலும் நடுப்பாலும் 'டேம்' ஆகும், பெண்பால் 'டேர்' ஆகும். எனவே 'நாஹ் டேம் ஆபென்ட்எஸ்ஸன்', 'மிட் மைனர் முட்டர்'. பெண்பாலுக்கு 'டேர்' வருவதைப் பார்த்து ஆண்பால் என்று மயங்கி, சரியாக எழுதியதை அடித்துவிடுகிறவர்கள் உண்டு. முன்னால் 'மிட்' இருக்கிறதா என்று பார்த்துவிட்டு அடியுங்கள்.

திருத்திய பத்தி:

"இஹ் ட்ரிங்க்கெ ஐனென் காஃபே உன்ட் எஸ்ஸெ ஐன் ப்ரோட். டன் நேமெ இஹ் டேன் புஸ் உன்ட் ஃபாரெ இன்ஸ் ப்யூரோ. ஆம் ஆபென்ட் கோஹெ இஹ் மிட் மைனர் முட்டர். நாஹ் டேம் ஆபென்ட்எஸ்ஸன் லேஸெ இஹ் ஐன் பூஹ்."

இதோடு 'அது ஏழு மணிக்கு வரும்' என்று பஸ்ஸைப் பற்றி இன்னொரு வரி சேர்த்தால், 'எஸ்' என்று எழுதக் கை போகும். பஸ் ஆண்பால், அங்கே 'ஏர்' என்றே வர வேண்டும். 'ஐன் காஃபே' என்று எழுதியவருக்குப் பால் தெரியவில்லையா, வேற்றுமை தெரியவில்லையா என்பதையும் இப்படியே கண்டுபிடிக்கலாம். காபியைப் பற்றி அடுத்த வரி எழுதச் சொல்லுங்கள். 'எஸ்' என்று எழுதினால் பால் தெரியவில்லை. 'ஏர்' என்று எழுதினால் வேற்றுமையை மட்டும் சொல்லிக்கொடுத்தால் போதும்.