நீதியைச் சொல்லாத கதை

பிக்ஸார் நிறுவனம் 2016-இல் வெளியிட்ட 'பைப்பர்' ஆறு நிமிடக் குறும்படம். ஆலன் பாரிலாரோ இயக்கியது, ஆஸ்கர் வாங்கியது. அதில் ஒரு வசனம்கூடக் கிடையாது, கதையை விவரிக்கும் குரலும் இல்லை. பயத்தைத் தாண்டினால்தான் வயிறு நிறையும் என்பது மட்டும் பார்க்கிற குழந்தைக்குத் தெளிவாகப் புரிந்துவிடுகிறது.

உள்ளான் குஞ்சு ஒன்று தாய் ஊட்டிவிடும் என்று வாயைத் திறந்து காத்திருக்கிறது. தாயோ ஊட்டாமல், கடற்கரைக்கு வந்து தானே தேடச் சொல்கிறது. போன குஞ்சை அலை அடித்துப் புரட்டிவிடுகிறது. அதற்குப் பிறகு கூட்டைவிட்டு வரவே மாட்டேன் என்கிறது. கடைசியில் பசி தாங்காமல் மறுபடி போகும்போது, அலை வந்ததும் மணலுக்குள் புதைந்துகொள்ளும் குட்டி நண்டைப் பார்த்துத் தானும் அப்படியே செய்கிறது. தண்ணீருக்கடியில் கண்ணைத் திறந்தால், சுற்றிலும் சிப்பிகள்!

அதே அலை இரண்டு முறை வருகிறது. முதல் முறை அதில் புரண்ட குஞ்சு, இரண்டாம் முறை நின்றுவிடுகிறது. நீதி இருப்பது இந்த வித்தியாசத்தில்தான். 'தைரியம் வேண்டும்' என்று ஒரு குரல் சொல்லியிருந்தால், குழந்தை தானே கண்டுபிடிக்க எதுவும் மிஞ்சியிருக்காது.

எழுத்திலும் இதைச் செய்யலாம். தண்ணீர்ப் பானையைச் செல்வி உடைத்துவிடுகிறாள். பழி பூனைமேல் விழுகிறது. பாட்டி அதற்குப் பால் வைக்கவில்லை. செல்வி யாருக்கும் தெரியாமல் தன் டம்ளர் பாலைப் பூனைக்கு ஊற்றுகிறாள். அத்தோடு மனசு ஆறிவிடும் என்று நினைக்கிறாள். ராத்திரி பாட்டி பூனையை வெளியே தள்ளிக் கதவைச் சாத்துகிறாள். அது கதவைப் பிறாண்டும் சத்தம் கேட்கிறது. செல்வி எழுந்து போய், "பாட்டி, பானையை உடைச்சது நான்தான்" என்கிறாள்.

பாலைக் கொடுத்ததில் அவளுக்கு அன்றைய பால்தான் போயிற்று. உண்மையைச் சொன்னால் திட்டு விழும், அது தெரிந்தேதான் சொல்கிறாள். இப்படி ஏதாவது இழக்க நேர்ந்தால்தான் குழந்தைக்கு அந்தச் செயல் பெரிதாகத் தெரியும்.

எழுதுகிறவர்கள் பெரும்பாலும் சறுக்குவது இதற்கு அடுத்த வரியில். "உண்மை பேசுற பிள்ளைதான் நல்ல பிள்ளை" என்று பாட்டி வாய் திறந்துவிடுவாள். கதைசொல்லியை வாசலோடு அனுப்பிவிட்டு, அவரையே பாட்டியின் புடவையில் கொல்லைப்புறமாகக் கூட்டிவந்த கதைதான் இது. பாட்டி கதவைத் திறந்து பூனையை உள்ளே விட்டாலே போதும்.

செயலுக்கு ஒரு சிக்கல் உண்டு: குழந்தை அதை வேறு மாதிரியும் புரிந்துகொள்ளலாம். அதனால் கதையை வாசித்துக் காட்டி, "செல்வி ஏன் சொன்னா?" என்று கேட்டுப் பார்க்க வேண்டும். "பூனை பாவம்ல" என்று பதில் வந்தால் கதை சரியாக இருக்கிறது. "இல்லேன்னா மாட்டிக்குவா" என்று வந்தால், பாட்டிக்குச் சந்தேகம் வருவது போன்ற வரி எங்கோ நுழைந்திருக்கிறது. அதைத்தான் தேடி எடுக்க வேண்டும். விளக்கம் சேர்த்துப் பயனில்லை.