சிறப்பு உணவுகளுக்குப் பெயரிடுதல்

சிறப்பு உணவு என்பது ஓர் உணவகம் தனக்கே உரியதாக முன்வைக்கும் உணவாகும். அதன் பெயர், உண்ண வருபவரின் ஆர்வத்தைத் தூண்ட வேண்டும். தட்டில் என்ன வரும் என்பதையும் சொல்ல வேண்டும்.

சிக்கன் 65

இதற்குத் தமிழ்நாட்டில் நன்கு அறியப்பட்ட எடுத்துக்காட்டு சிக்கன் 65. சென்னை அண்ணா சாலையில் உள்ள புகாரி உணவகம், 1965-இல் தாங்கள் அறிமுகப்படுத்தியதால் இப்பெயர் வந்ததாகக் கூறுகிறது. பட்டியலில் அதன் வரிசை எண் 65 என்பது போன்ற வேறு கதைகளும் உண்டு. பெயரில் உள்ள 'சிக்கன்' உணவு என்ன என்பதைத் தெரிவிக்கிறது; '65' ஏன் என்று கேட்க வைக்கிறது. நாளடைவில் அந்த எண்ணே சிவந்த, காரமான பொரியலைக் குறிக்கத் தொடங்கி, கோபி 65, பனீர் 65 ஆகிய பெயர்களும் பரவின.

அதே உணவகத்தின் சிக்கன் 78, சிக்கன் 82, சிக்கன் 90 ஆகியவை இந்த அளவுக்குப் பரவவில்லை. பல எண்கள் அருகருகே இருக்கும்போது, ஒன்றுக்கும் மற்றொன்றுக்கும் சுவையில் என்ன வேறுபாடு என்பதை எண் மட்டும் சொல்வதில்லை.

பெயரை அமைக்கும் முறை

மறைமலைநகரில் ஜி.எஸ்.டி. சாலையை ஒட்டிய ஓர் உணவகம், சின்ன வெங்காயமும் மிளகும் சேர்த்த இறால் வறுவலுக்கு 'பல்லவ விருந்து' என்று பெயரிடுவதாகக் கொள்வோம். அருகிலுள்ள மாமல்லபுரத்தை இப்பெயர் நினைவூட்டும். ஆனால் அது சைவமா அசைவமா என்பதுகூட விளங்காது. இறால் ஒவ்வாமை உள்ளவருக்கு இது ஆபத்தாகவும் முடியலாம்.

'பல்லவ மிளகு இறால்' என்று மாற்றினால் முதற்சொல் ஆர்வத்தைத் தூண்டும். மற்ற இரண்டும் பொருளைச் சொல்லும். பெயருக்குக் கீழே ஒரு வரி சேர்த்தால் போதும்: 'ஓடு நீக்கிய இறால், சின்ன வெங்காயம், மிளகு, கெட்டியான மசாலா, காரம் அதிகம், ஒருவருக்கு'. 'மாமல்லபுரம் இறால்' என்று எழுதுவதானால் இறால் அங்கிருந்து வந்ததாக இருக்க வேண்டும். இல்லையெனில் பெயரே பொய்யாகிவிடும்.

பெயரைச் சோதித்தல்

வாடிக்கையாளர்கள் கேட்கும் கேள்விகளைப் பரிமாறுபவர் ஒரு வாரம் குறித்துவைத்தால் பெயரின் தரம் தெரியும். "ஏன் இந்தப் பெயர்?" என்று கேட்பது ஆர்வத்தைக் காட்டுகிறது. "இது கறியா, மீனா?", "குழம்பா, வறுவலா?", "எத்தனை பேர் சாப்பிடலாம்?" என்ற கேள்விகள் திரும்பத் திரும்ப வந்தால் பெயரோ விளக்க வரியோ குறையுடையது. "நான் கேட்டது இதுவல்ல" என்று தட்டு திரும்பி வந்தால் பெயரை உடனே மாற்ற வேண்டும்.

இவ்வகைப் பெயர்கள் பட்டியலில் இரண்டு மூன்று உணவுகளுக்கு மட்டும் பொருந்தும். இட்லி, ரசம் போன்று எல்லோரும் பெயர் சொல்லியே கேட்கும் உணவுகளுக்குப் புதுப்பெயர் சூட்டினால், தேடி வந்தவர் அவற்றைப் பட்டியலில் கண்டுபிடிக்க இயலாது.