கூட்டலில் சேராத வரிகள்

மெஸ் கணக்கை எக்செல் தாளில் எழுதி வைக்கும் நண்பர்கள் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. ஜூன் மாதத் தாளை அப்படியே பிரதி எடுத்து, பழைய தொகைகளை அழித்துவிட்டு, ஜூலைக் கணக்கை எழுதுவது வழக்கம். தாளில் நாளுக்கு ஒரு வரி. C பத்தியில் செலவு. முதல் வரி தலைப்பு. மொத்தம் மேலே, F1 கட்டத்தில் இருக்கிறது:

```
=SUM(C2:C31)
```

ஜூனுக்கு 30 நாள். ஆகவே அது சரியாக இருந்தது. ஜூலைக்கோ 31 நாள். 31ஆம் தேதிச் செலவு 6,840 ரூபாய், 32ஆம் வரியில் விழுகிறது. அதன்கீழ், தாமதமாக வந்த எரிவாயு பில் 9,200, தயிர் பில் 2,460. மூன்றும் சேர்ந்து 18,500 ரூபாய். F1 காட்டும் மொத்தம் 2,46,500. உண்மை மொத்தம் 2,65,000. உறுப்பினர் 50 பேர் எனில், தலைக்கு 5,300 வசூலிக்க வேண்டிய இடத்தில் 4,930தான் வசூலாகும். பிழைச் செய்தி எதுவும் வராது. கடைக்காரருக்குப் பணம் கொடுக்கும்போதுதான் குறை தெரியும். அப்போது ஐயம் விழுவது பொருளாளர்மேல்!

இதன் காரணம் என்ன? C2:C31 என்பது வெறும் முகவரி. "இம்மாதச் செலவு முழுவதும்" என்ற பொருள் அதற்குத் தெரியாது. அவ்வெல்லைக்கு நடுவே புதிய வரியைச் செருகினால் முகவரி தானே C2:C32 என நீளும். கடைசி வரிக்குக் கீழே எழுதினால், எல்லை நின்ற இடத்திலேயே நிற்கும். நடுவில் செருகியபோது சரியாக வந்ததைக் கண்டவர்கள் எப்போதும் அப்படியே வரும் என்று நம்பிவிடுகிறார்கள்.

சோதிப்பது எளிது. F1 கட்டத்தை இருமுறை சொடுக்கினால், கூட்டப்படும் கட்டங்களைச் சுற்றி வண்ணக் கோடு தோன்றும்; அது எந்த வரியில் முடிகிறது என்று பாருங்கள். பின்னர் Esc அழுத்தி வெளியே வந்து, C என்னும் தலைப்பெழுத்தைச் சொடுக்குங்கள். பத்தி முழுவதின் கூட்டுத்தொகை திரையின் அடியில் Sum என்று தெரியும். அது F1இல் உள்ள எண்ணோடு ஒத்துவர வேண்டும்.

பரிகாரமும் சிறிதே. வாய்பாட்டை இப்படி மாற்றுங்கள்:

```
=SUM(C:C)
```

இனி எத்தனை வரி சேர்ந்தாலும் அடங்கும். ஆனால் இரண்டு எச்சரிக்கைகள். இவ்வாய்பாட்டை C பத்திக்குள்ளேயே எழுதக்கூடாது. அது தன்னையே தான் கூட்ட முயன்று வட்டத்தில் சிக்கும். அப்பத்தியில் வாரக் கூட்டுத்தொகைகளையும் எழுதக்கூடாது. எழுதினால் அதே செலவு இருமுறை சேரும்.

மாதத் தாளைப் பிரதி எடுத்ததும், முதல் செலவை எழுதுமுன் F1ஐத் திறந்து பார்த்துவிடுங்கள். 28 நாள் பிப்ரவரித் தாளை மார்ச்சுக்கு எடுத்தால், விடுபடுவது ஒரு நாளன்று, மூன்று நாள்.