ஆறாயிரம் பெறும் புட், நாலாயிரத்து ஐந்நூறுக்கு ஏன் விற்கிறது?

நிஃப்டி 24,000-ல் நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஆப்ஷன் பட்டியலில் ஓராண்டு கழித்து முடியும் 30,000 புட் ஒன்று இருக்கிறது. நிஃப்டி எவ்வளவு இறங்கினாலும் அதை 30,000 விலைக்கு விற்றதாகக் கணக்குத் தீர்த்துக்கொள்ளும் உரிமைதான் இந்தப் புட். இன்றைய நிலவரப்படி அதன் உள்ளார்ந்த மதிப்பு 6,000 புள்ளி. ஆனால் திரையில் விலை 4,500-ஐ ஒட்டியே இருக்கும். சில தளங்கள் ‘டைம் வேல்யூ’ என்ற கட்டத்தில் மைனஸ் 1,500 என்றுகூடக் காட்டும். ஆப்ஷன் விலை என்பது உள்ளார்ந்த மதிப்பும் காலத்துக்கான கூடுதலும் சேர்ந்தது என்று படித்தவருக்கு இது கணினிக் கோளாறாகத் தெரியும், அல்லது அதிர்ஷ்டமாகத் தெரியும். இரண்டும் இல்லை.

அதிர்ஷ்டம் என்று நினைப்பவர் என்ன செய்வார்? 4,500 கொடுத்துப் புட்டை வாங்குவார். கூடவே 24,000-க்கு நிஃப்டி இ.டி.எஃப். யூனிட்டுகளையும் வாங்கி வைப்பார். மொத்த முதல் 28,500. உடனே 30,000-க்கு விற்றுவிட்டால் கையில் 1,500 லாபம். சிக்கல் அந்த ‘உடனே’யில்தான் இருக்கிறது. நிஃப்டி ஆப்ஷன்கள் யூரோப்பியன் வகை. உரிமையை எக்ஸ்பைரி அன்று மட்டுமே பயன்படுத்தலாம். இடையில் புட்டை வேறொருவருக்கு விற்கலாம், ஆனால் அவரும் இதே கணக்கைப் போட்டுத்தான் விலை சொல்வார்.

ஆகவே 28,500 ஓராண்டு முடங்கிக் கிடக்கும். முடிவில் நிஃப்டி எங்கே இருந்தாலும் 30,000-க்குக் குறையாது. இடையில் நிறுவனங்கள் தரும் டிவிடெண்ட் ஒரு 300 புள்ளி என்று வைத்துக்கொண்டால் 30,300. அதே பணத்தை 7 சதவீத வட்டிக்குப் போட்டிருந்தால் 30,495 வந்திருக்கும். தள்ளுபடியில் கிடைத்த புட், வங்கி வைப்பைவிட 195 புள்ளி குறைவாகவே தருகிறது! அந்தக் குறைவுக்கும் ஒரு பலன் உண்டு: ஓராண்டில் நிஃப்டி 30,000-ஐத் தாண்டிவிட்டால், தாண்டிய பகுதி முழுவதும் இவருக்கே. அந்த வாய்ப்புக்கான விலைதான் 195.

இப்போது புட்டின் நிஜ உருவம் தெரியும். அது இன்று கைக்கு வரும் 6,000 அல்ல. 30,000 ரூபாய்க்குப் போட்ட, ஓராண்டு பின்தேதியிட்ட காசோலை. அப்படியொரு காசோலையை இன்று எவரும் 30,000-க்கு வாங்க மாட்டார்கள். 7 சதவீத வட்டியில் அதன் இன்றைய மதிப்பு சுமார் 28,037. உள்ளார்ந்த மதிப்பு என்ற கணக்கோ, காசோலையை முழுத் தொகைக்கே எடுத்துக்கொண்டு, அதிலிருந்து இன்றைய நிஃப்டியைக் கழிக்கிறது. வெவ்வேறு தேதிகளில் நிற்கும் இரண்டு எண்களை ஒன்றிலிருந்து ஒன்று கழித்தால் வரும் விடை, பிழை என்று சொல்ல முடியாவிட்டாலும், எதற்கும் விலையாகாது.

சரி, விலை 6,000-ஆகவே இருந்தால் என்ன ஆகும்? அந்த விலையை எது கீழே தள்ளுகிறது? ஓராண்டு ஃபியூச்சரைப் பாருங்கள். நிஃப்டியை இன்று வாங்கி வைப்பதற்கான வட்டியைக் கூட்டி, டிவிடெண்டைக் கழித்தால் அதன் விலை சுமார் 25,380 வரும். ஒரு வியாபாரி புட்டை 6,000-க்கு விற்கிறார், ஃபியூச்சரையும் 25,380-க்கு விற்கிறார். நிஃப்டி தலைகால் தெரியாமல் ஏறினால் அடிபடாமல் இருக்க, 30,000 கால் ஆப்ஷன் ஒன்றை 200 கொடுத்து வாங்கிக்கொள்கிறார். கையில் 5,800. வட்டியோடு அது 6,206 ஆகிறது. எக்ஸ்பைரி அன்று நிஃப்டி 20,000-ல் இருந்தாலும் 35,000-ல் இருந்தாலும், மூன்றையும் சேர்த்துக் கணக்கு முடிக்கையில் அவர் தர வேண்டியது 4,620 மட்டுமே (30,000-க்கும் 25,380-க்கும் உள்ள வித்தியாசம்). மீதி கிட்டத்தட்ட 1,586 புள்ளி. இப்படி ஒரு வாய்ப்பு கிடைத்தால், மார்ஜின் பணமும் வரியும் போக மிஞ்சும் வரை ஆட்கள் விற்றுக்கொண்டே இருப்பார்கள். விலை 4,500 பக்கம் வந்து நின்றால்தான் ஓயும்.

அமெரிக்கன் வகைப் புட்டாக இருந்தால் இந்தக் கதையே இல்லை. அதை எந்த நாளும் பயன்படுத்தலாம் என்பதால் 6,000-க்குக் கீழே இறங்கிய மறுநிமிடமே வாங்கிப் பயன்படுத்தி லாபம் எடுத்துவிடுவார்கள். இந்தியாவில் 2001-ல் தொடங்கிய தனிப் பங்கு ஆப்ஷன்கள் முதலில் அமெரிக்கன் வகையாகத்தான் இருந்தன. 2011 ஜனவரி ஒப்பந்தங்களிலிருந்து அவையும் யூரோப்பியன் ஆயின. அதனால் இன்று நம் சந்தையில் குறியீடானாலும் பங்கானாலும், பணத்துக்குள் ஆழமாக இறங்கிய புட் இப்படித் தள்ளுபடியில் நிற்பதே இயல்பு.

எக்ஸ்பைரி எவ்வளவு தள்ளிப் போகிறதோ, இந்தத் தள்ளுபடி அவ்வளவு பெரிதாகும். இதற்கு ஊரறிந்த உதாரணம் வாரன் பஃபெட். அவருடைய பெர்க்‌ஷயர் ஹாத்வே 2004-க்கும் 2008-க்கும் இடையில், எஸ் அண்ட் பி 500 முதலான நான்கு குறியீடுகள் மீது 15 முதல் 20 ஆண்டுக்கான யூரோப்பியன் புட்களை விற்று 490 கோடி டாலர் பிரீமியம் வாங்கியது. 2008-ல் சந்தை சரிந்து கணக்கேட்டில் பெரும் நஷ்டம் தெரிந்தபோதும், வாங்கியவர்கள் எக்ஸ்பைரிக்கு முன் பணம் கேட்க முடியாது. அவர் நிம்மதியாக இருந்ததற்கு அதுவும் ஒரு காரணம். 15 ஆண்டுப் புட் ஒன்றின் ஸ்ட்ரைக் 100 என்று கொள்வோம். குறியீடு நாளையே சுழியமாகிவிட்டாலும், 4 சதவீத வட்டியில் அந்தப் புட்டின் இன்றைய மதிப்பு 55 சொச்சம்தான்.

வட்டி சுழியத்தை நெருங்கினால் தள்ளுபடியும் கரையும். யூரோ நாடுகளில் 2014 முதல் 2022 வரை மத்திய வங்கியின் வைப்பு வட்டி மைனஸில் இருந்தபோது, புட் பக்கம் இந்தப் புதிர் அநேகமாக எழவே இல்லை.

இன்னொரு விஷயம். ஆப்ஷன் வாங்கியவருக்குக் காலம் எதிரி என்பார்கள். இங்கே தலைகீழ். நிஃப்டி 24,000-லேயே அசையாமல் இருந்தால், 4,500-க்கு வாங்கிய புட் நாளுக்கு நாள் ஏறி, கடைசி நாளில் 6,000-ஐ எட்டும். இதைப் பார்த்து மயங்கி வாங்குபவர்கள் உண்டு. நிஃப்டி அசையாமல் இருக்கும் என்று பந்தயம் கட்டுகிறோம் என்பதை அவர்கள் கவனிப்பதில்லை. அது 25,500-க்கு மேல் முடிந்தாலே, போட்ட முதலில் கை வைத்துவிடும்.

திரையில் தெரியும் தள்ளுபடி நியாயமானதா என்று சோதிக்க எளிய வழி இருக்கிறது. ஸ்ட்ரைக்கிலிருந்து ஸ்பாட் விலையைக் கழிக்காமல், அதே எக்ஸ்பைரியின் ஃபியூச்சரைக் கழிக்க வேண்டும். நம் கணக்கில் 4,620. அதை வட்டிக்கு ஏற்ப இன்றைய மதிப்பாக்கினால் 4,318. அதே ஸ்ட்ரைக் காலின் விலை 200-ஐக் கூட்டினால் 4,518. புட் இதன் அருகில் இருந்தால் அங்கே எடுப்பதற்கு ஒன்றும் இல்லை. வெகுவாகக் குறைவாகத் தெரிந்தால், முதலில் சந்தேகப்பட வேண்டியது அந்த விலையைத்தான். ஆழமான ஸ்ட்ரைக்குகளில் வியாபாரம் அரிது. திரையில் நிற்பது நேற்றைக்கு நடந்த கடைசி வியாபாரத்தின் விலையாக இருக்கலாம். இன்று விற்பவர் கேட்கும் விலையைத் திறந்து பார்த்தால், அந்த மலிவு பெரும்பாலும் காணாமல் போயிருக்கும்.