வேலை நீக்கக் கடிதத்தில் ஒரு வார்த்தை மாறினால் 1.40 லட்சம் ரூபாய் போய்விடும்: ஆட்குறைப்புக் கடிதம் எப்படி இருக்க வேண்டும்?

"கொஞ்சம் மீட்டிங் ரூமுக்கு வர முடியுமா?" சிறுசேரி சிப்காட்டில் வேலை பார்ப்பவர்களுக்கு இந்த கேலண்டர் இன்வைட் வந்தாலே வயிற்றைக் கலக்கும். 2025 ஜூலையில் டிசிஎஸ் தனது ஊழியர்களில் சுமார் 2 சதவீதம் பேரை, அதாவது 12 ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களைக் குறைக்கப் போவதாக அறிவித்தது. அந்த நிறுவனத்தின் பெரிய வளாகம் ஒன்று சிறுசேரியில்தான் இருக்கிறது. ஓஎம்ஆர் டீக்கடைகளில் பல நாள்களுக்கு வேறு பேச்சே இல்லை.

ரூமுக்குள் போனதும் ஹெச்.ஆர். பெரும்பாலும் இரண்டு வழிகளில் ஒன்றைச் சொல்வார். "நீங்களே ரிசைன் பண்ணிடுங்க, ரெக்கார்டு கிளீனா இருக்கும்" என்பது ஒன்று. கையில் ஒரு கடிதத்தைத் தருவது இன்னொன்று. ராஜினாமா மெயில் அனுப்பிவிட்டால், சட்டத்தின் பார்வையில் உங்களை யாரும் அனுப்பவில்லை, நீங்களாகவே போனீர்கள். ஆட்குறைப்புக்கான இழப்பீடு என்ற கேள்வியே அப்போது எழாது.

அதனால் ஒரு நல்ல ஆட்குறைப்புக் கடிதத்தில் என்னென்ன இருக்க வேண்டும் என்பதை, ஒரு உதாரணக் கணக்கைப் போட்டே பார்த்துவிடலாம்.

சட்டம் என்ன கேட்கிறது?

2025 நவம்பர் 21 முதல் நான்கு புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்திருக்கின்றன. ஆட்குறைப்பு பற்றிப் பேசுவது அவற்றில் ஒன்றான தொழில் உறவுகள் தொகுப்பு. முன்பு இதே விஷயத்தை 1947-ம் ஆண்டின் தொழில் தகராறுகள் சட்டம் பார்த்துக்கொண்டது. அடிப்படை விதி பெரிதாக மாறவில்லை. ஓராண்டு தொடர்ந்து வேலை பார்த்த தொழிலாளரை ஆட்குறைப்பு செய்ய வேண்டுமானால், காரணத்தைச் சொல்லி ஒரு மாத எழுத்துபூர்வ நோட்டீஸ் தர வேண்டும். நோட்டீஸ் இல்லையென்றால் அதற்கான சம்பளம் தர வேண்டும். அதோடு, வேலை பார்த்த ஒவ்வோர் ஆண்டுக்கும் 15 நாள் சராசரி ஊதியம் இழப்பீடாகத் தர வேண்டும். கடைசியில் ஆறு மாதத்துக்கு மேல் மிச்சம் இருந்தால் அதுவும் ஒரு ஆண்டாகக் கணக்கில் சேரும். அரசுக்கும் தகவல் தெரிவிக்க வேண்டும்.

இந்த இழப்பீடு பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்கிற ரகம் இல்லை. ஆட்குறைப்பு செல்லுபடியாவதற்கான முன்நிபந்தனையே அதுதான். 1960-ல் பம்பாய் மருத்துவமனை ஊழியர் சங்க வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத்தான் சொன்னது. இழப்பீடு தராமல் இரண்டு வார்டு ஊழியர்களை அனுப்பியதால் அந்த ஆட்குறைப்பே செல்லாது என்றாகிவிட்டது. எனவே, "இழப்பீடு உரிய நேரத்தில் பரிசீலிக்கப்படும்" என்று ஒரு கடிதம் சொன்னால், அதை எழுதியவருக்குச் சட்டம் தெரியவில்லை அல்லது உங்களுக்குத் தெரியாது என்று நினைக்கிறார்.

ஒருவரின் கணக்கைப் போட்டுப் பார்ப்போம்

நாவலூரில் வீடு, சிறுசேரியில் ஆபீஸ் என்று இருக்கும் ஒரு சீனியர் டெஸ்டிங் இன்ஜினீயரை எடுத்துக்கொள்வோம். கற்பனை நபர்தான். வேலைக்குச் சேர்ந்து 6 ஆண்டு 8 மாதம் ஆகிறது. மாதச் சம்பளம் 80,000 ரூபாய், அதில் பேசிக் 40,000. அப்பாயின்ட்மென்ட் லெட்டரில் இரு தரப்புக்கும் 60 நாள் நோட்டீஸ் என்று இருக்கிறது. கடைசி நாள் ஜூன் 15. எடுக்காமல் விட்ட லீவு 12 நாள். நோட்டீஸ் காலத்தில் வேலை செய்யச் சொல்லாமல், அதற்கான பணத்தைக் கொடுத்து அனுப்புகிறார்கள்.

ஜூனில் வேலை பார்த்த 15 நாளுக்குச் சம்பளம் 40,000. சட்டம் கேட்பது ஒரு மாத நோட்டீஸ்தான் என்றாலும் ஒப்பந்தம் 60 நாள் என்கிறது. இரண்டில் எது அதிகமோ அதைத் தர வேண்டும் என்பதால் 1,60,000. அடுத்து இழப்பீடு. 6 ஆண்டு 8 மாதம் என்பது 7 ஆண்டாகக் கணக்கிடப்படும். பேசிக் 40,000 என்றால் 15 நாளுக்கு 20,000, ஏழால் பெருக்கினால் 1,40,000. கிராஜுவிட்டிக்கு வேறு சூத்திரம். 40,000-ஐ 26 ஆல் வகுத்து, 15 ஆல் பெருக்கி, அதை 7 ஆல் பெருக்க வேண்டும். வருவது 1,61,538. மாதத்துக்கு 26 வேலை நாள் என்று கிராஜுவிட்டி சட்டம் எடுத்துக்கொள்வதால்தான் இது இழப்பீட்டைவிடக் கொஞ்சம் அதிகமாக வருகிறது. லீவு பணம் கம்பெனி பாலிசியைப் பொறுத்தது. பேசிக்கை 30 ஆல் வகுக்கும் பாலிசி என்றால் 12 நாளுக்கு 16,000.

மொத்தம் 5,17,538 ரூபாய், வரிப் பிடித்தம் தனி. இதுபோக, புதிய தொகுப்பில் மறுதிறன் நிதி என்று ஒன்று இருக்கிறது. ஆட்குறைப்பு ஆன ஒவ்வொரு தொழிலாளருக்கும் 15 நாள் ஊதியத்துக்குச் சமமான தொகையை நிறுவனம் அந்த நிதியில் செலுத்த வேண்டும். அந்தப் பணம் 45 நாளுக்குள் ஊழியரின் வங்கிக் கணக்குக்கு வர வேண்டும். நம் இன்ஜினீயருக்கு அது 20,000.

இப்போது தலைப்பில் சொன்னதற்கு வருவோம். இவர் "ரிசைன் பண்றேன்" என்று மெயில் போட்டிருந்தால் கிராஜுவிட்டி கிடைக்கும், ஏனென்றால் ஐந்து ஆண்டைத் தாண்டிவிட்டார். வேலை பார்த்த நாளின் சம்பளமும் கிடைக்கும். இழப்பீடான 1,40,000 போய்விடும், மறுதிறன் நிதியின் 20,000-ம் போய்விடும். நோட்டீஸ் சம்பளம் ஹெச்.ஆரின் மனதைப் பொறுத்தது.

கடிதம் இப்படி இருக்கலாம்

ஐடி நிறுவனங்களில் இது ஆங்கிலத்தில்தான் வரும். தமிழில் எழுதினால் ஏறக்குறைய இப்படி இருக்கும்:

"அன்புள்ள அவர்களுக்கு,

நீங்கள் பணியாற்றிவந்த டெஸ்டிங் புராஜெக்ட் மே 31 அன்று முடிந்தது. உங்கள் தகுதிக்கு ஏற்ற வேறு புராஜெக்டில் இடம் தேடினோம், கிடைக்கவில்லை. இதனால் உங்கள் பணியிடம் ஜூன் 15 முதல் நீக்கப்படுகிறது. இது ஆட்குறைப்பு. உங்கள் வேலைத்திறன் பற்றியோ நடத்தை பற்றியோ எடுத்த முடிவு அல்ல.

60 நாள் நோட்டீஸுக்குப் பதிலாக அதற்குரிய சம்பளம் 1,60,000 ரூபாயும், 7 ஆண்டுக்கான ஆட்குறைப்பு இழப்பீடு 1,40,000 ரூபாயும் இன்று உங்கள் வங்கிக் கணக்குக்கு அனுப்பப்படுகின்றன. ஜூன் மாதச் சம்பளம் 40,000 ரூபாயும் லீவு பணம் 16,000 ரூபாயும் இரண்டு வேலை நாளில் வந்து சேரும். கிராஜுவிட்டி 1,61,538 ரூபாய் 30 நாளுக்குள் தரப்படும். கணக்கு விவரம் இணைப்பில் உள்ளது. மறுதிறன் நிதிக்கான தொகை தனியாகச் செலுத்தப்படும்.

அனுபவச் சான்றிதழ் இந்தக் கடிதத்துடன் இருக்கிறது. ஓராண்டுக்குள் இதே வேலைக்கு ஆள் எடுத்தால் உங்களுக்கு முன்னுரிமையோடு தகவல் தருவோம். கணக்கில் சந்தேகம் இருந்தால் கீழே உள்ள அதிகாரியின் எண்ணில் பேசலாம்."

அவ்வளவுதான். 'ரைட்சைசிங்', 'உங்கள் பயணத்துக்கு வாழ்த்துகள்' போன்ற வரிகள் இதில் இல்லை, இருக்கவும் வேண்டாம். வேலை போனவருக்கு அன்று இரவு இ.எம்.ஐ. கணக்குத்தான் ஓடும். எந்தப் பணம், எத்தனை ரூபாய், எந்த நாளில் வரும் என்று சொல்வதுதான் அவருக்குத் தருகிற மரியாதை.

ஒவ்வொரு தொகைக்கும் வேறு வேறு தேதி ஏன்? இழப்பீடு முன்நிபந்தனை என்பதால் அன்றே தர வேண்டும். நிலுவைச் சம்பளத்துக்கு ஊதியத் தொகுப்பு இரண்டு வேலை நாள் என்று கெடு வைத்திருக்கிறது. கிராஜுவிட்டிக்குத் தனியாக 30 நாள். "எஃப் அண்ட் எஃப் 45 நாளில் செட்டில் ஆகும்" என்று எல்லாவற்றையும் ஒரே பையில் போடுவது பழைய வழக்கம். கடிதத்தில் அந்த வரி இருந்தால் கேள்வி கேளுங்கள். பிஎஃப் பணம் இந்தக் கணக்கில் வராது, அது உங்கள் கணக்கிலேயே இருக்கும். கம்பெனி அங்கே வெளியேறிய தேதியைப் பதிவு செய்ததா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

'நீங்க தொழிலாளரே இல்லை' என்றால்?

மேலே சொன்ன பாதுகாப்பு எல்லாம் சட்டப்படி 'தொழிலாளர்' என்பவருக்குத்தான். முக்கியமாக நிர்வாக வேலை பார்ப்பவர்கள் அதில் வர மாட்டார்கள். மேற்பார்வை வேலையில் மாதம் 18,000 ரூபாய்க்கு மேல் வாங்குபவர்களும் வர மாட்டார்கள். ஆனால் தொழில்நுட்ப வேலைக்குச் சம்பள உச்சவரம்பு கிடையாது. கார்டில் 'மேனேஜர்' என்று போட்டிருப்பது முக்கியமில்லை, தினமும் என்ன வேலை பார்த்தீர்கள் என்பதைத்தான் பார்ப்பார்கள்.

இதைச் சென்னையே இரண்டு முறை பார்த்திருக்கிறது. 2014 டிசம்பரில் டிசிஎஸ் கொடுத்த வேலை நீக்கக் கடிதத்தை எதிர்த்து ஒரு பெண் ஊழியர் சென்னை உயர் நீதிமன்றம் போனார். தானும் தொழிலாளர்தான் என்பது அவருடைய வாதம். 2015 ஜனவரியில் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது, நிறுவனம் அவரைத் திரும்ப எடுத்துக்கொண்டது. அதே அலையில் வேலை இழந்த இன்னொருவரை மேனேஜர் என்று நிறுவனம் வாதிட்டது. அவர் பார்த்தது தொழில்நுட்ப வேலைதான் என்று 2022-ல் சென்னை தொழிலாளர் நீதிமன்றம் ஏற்று, முழுச் சம்பளத்தோடு திரும்ப எடுக்க உத்தரவிட்டது. ஜெயித்தார். ஆனால் ஏழு ஆண்டு ஆனது.

அதனால்தான் டீம் லீடாக இருப்பவர்கள் தங்கள் டிக்கெட், கோட் ரிவ்யூ, டைம்ஷீட் எல்லாம் எந்த வேலையைக் காட்டுகின்றன என்பதைக் குறித்துவைத்துக்கொள்வது நல்லது. கம்பெனி ரகசியத்தை பர்சனல் மெயிலுக்கு அனுப்பிவிடாதீர்கள், அது வேறு வம்பு. சம்பள ஸ்லிப், அப்பாயின்ட்மென்ட் லெட்டர், அப்ரைசல் ரேட்டிங் ஆகியவற்றின் நகல் போதும்.

'பெர்ஃபார்மன்ஸ்' என்று காரணம் எழுதியிருந்தால் கடைசி இரண்டு ரேட்டிங்கைப் பாருங்கள். நல்ல ரேட்டிங் இருந்து, புராஜெக்ட் முடிந்த கையோடு, பெஞ்சில் இருந்த பத்துப் பேருக்கும் ஒரே நாளில் அதே கடிதம் வந்திருந்தால் அது ஆட்குறைப்புத்தான், பெயர் மட்டும் வேறு. அப்போது "என் ரேட்டிங் இது. என்னை நீக்கக் காரணம் புராஜெக்ட் முடிந்ததா, வேலைத்திறனா? எழுத்தில் தெரிவிக்கவும்" என்று ஒரு மெயில் போடுங்கள்.

அந்த ரூமிலேயே கையெழுத்துப் போட வேண்டிய அவசியம் இல்லை. போடச் சொல்லி வற்புறுத்தினால், "கடிதத்தைப் பெற்றுக்கொண்டேன். உள்ளடக்கத்துக்குச் சம்மதம் தெரிவிக்கவில்லை" என்று உங்கள் கைப்பட எழுதி, தேதி போட்டுக் கையெழுத்திடுங்கள். வெளியே வருவதற்கு முன் ஒரு நகலை வாங்கிக்கொள்ளுங்கள்.