உத்தியோகத்தில் மூன்று உறவுகள்



தோட்டத்துப் பிள்ளை ஒருவன் படித்து ஓர் உத்தியோகத்தில் அமர்ந்துவிட்டால், இனி அவனைப் பற்றிக் கவலையில்லை என்று நாம் எண்ணிக்கொள்கிறோம். முதல் பத்து ஆண்டுகள் பெரும்பாலும் அப்படித்தான் கழிகின்றன. பிறகு முப்பத்தைந்து, நாற்பது வயதில் அவன் அதே நாற்காலியில் தங்கிவிடுகிறான். பின்னால் வந்தவர்கள் மேலே போகிறார்கள். "வேலையில் ஒரு குறையும் இல்லையே, ஏனப்பா இப்படி?" என்று தாயார் கேட்டால் அவனுக்குப் பதில் தெரிவதில்லை.

என்னோடு தோட்டப் பள்ளியில் படித்த நண்பர் ஒருவரின் அனுபவத்தைக் கொண்டு அந்தப் பதிலைத் தேடுவோம். அவருடைய தந்தையார் பால் மரம் வெட்டியவர். நண்பர் 22 வயதில் ஒரு செம்பனைத் தோட்டத்தில் கண்டக்டராகச் சேர்ந்தார். 38 வயதிலும் கண்டக்டர்தான். உதவி நிர்வாகி, அதாவது நம் மக்கள் சின்ன துரை என்று சொல்லும் பதவிக்கு இரண்டு முறை மனுப் போட்டும் கிடைக்கவில்லை.

அவருக்கு நல்ல வழிகாட்டி ஒருவர் இருந்தார். அவர் ஓய்வு பெற்ற பெரிய கிராணியார். செம்பனை மரத்தில் உள்ள பழுக்காத குலைகளை எண்ணி, வரும் மாதங்களில் எத்தனை டன் பழம் வெட்டலாம் என்று முன்கூட்டியே கணக்கிடும் வித்தையை அவர்தாம் கற்றுக் கொடுத்தார். பூ காயாகிப் பழுக்க ஐந்தாறு மாதங்கள் ஆகுமல்லவா? ஆகவே இன்று மரத்தில் நிற்கும் குலைகள்தாம் அடுத்த சில மாதங்களின் விளைச்சல். பத்து மரத்துக்கு ஒரு மரம் எண்ணினாலும் போதும். ஆனால் மட்டை இடுக்கில் மறைந்திருக்கும் சிறு குலைகளை விட்டுவிட்டால் கணக்கு படுத்துவிடும். எத்தனை வெட்டுக்காரர் வேண்டும், எத்தனை லாரி வேண்டும் என்பதெல்லாம் இந்தக் கணக்கை நம்பித்தான் இருக்கிறது. அறிக்கை எழுதும் முறையையும், கோபம் வந்தால் வாயை அடக்கும் முறையையும்கூட கிராணியார் கற்றுத் தந்தார்.

வழிகாட்டி செய்வது இதுதான். நம்மோடு உட்கார்ந்து பேசி, நம்மைத் திருத்துகிறார். ஆனால் பதவி உயர்வு முடிவாகும் அறையில் அவர் இல்லை. அத்துடன், அவர் சொல்லும் வழி அவர் காலத்தில் பலித்த வழி. அமெரிக்க ஆய்வாளர் கேத்தி கிராம் இத்தகைய உறவுகளை ஆராய்ந்து 1983இல் எழுதினார். அவை செழித்து நிற்கும் காலம் பெரும்பாலும் இரண்டிலிருந்து ஐந்து ஆண்டுகள்தாம் என்றும், பிறகு இருவரும் விலகத் தொடங்குகிறார்கள் என்றும் அவர் கண்டார். நடுவயதில் பலருக்கு வழிகாட்டியின் சொல் போதாமற் போவதில் வியப்பில்லை. என் கதையும் அதுவே. தலைமையாசிரியர் பதவிக்காக ஆறு ஆண்டுகள் என் பழைய ஆசிரியரிடம் யோசனை கேட்டேன். அத்தனையும் நல்ல யோசனைகள். பெயர்களைப் பரிசீலித்த கூட்டத்தில் என் முகம் தெரிந்தவர் ஒருவரும் இல்லை என்பதைப் பின்னால்தான் அறிந்தேன்.

அந்த அறையில் நடப்பதைச் சற்று எண்ணிப் பாருங்கள். மேசையில் நான்கைந்து கோப்புகள் இருக்கும். ஒவ்வொன்றுக்கும் சில நிமிடங்கள்தாம். நண்பரின் கோப்பை எடுத்ததும், "நல்ல உழைப்பாளி. ஆனால் செலவுத் திட்டம் போட்டுப் பழக்கம் உண்டா?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். பதில் சொல்ல ஆளில்லை. கோப்பு ஓரமாகப் போய்விட்டது. இந்த வயதில் மனுப் போடும் எல்லாருமே உழைப்பாளிகள், எல்லாருக்குமே அனுபவம் உண்டு. ஆகவே சந்தேகம் எழும்போது பதில் சொல்ல ஒருவர் இருக்கிறாரா என்பதே முடிவைத் திருப்பிவிடுகிறது.

அப்படிப் பதில் சொல்பவரை ஆங்கிலத்தில் ஸ்பான்சர் என்பார்கள். திருவிழாவுக்குப் பணம் கொடுப்பவரையும் நாம் ஸ்பான்சர் என்பதால் குழப்பம் வரலாம். கோயில் கூட்டத்திலும் சங்கக் கூட்டத்திலும் ஒருவர் பெயரை எழுந்து சொல்பவரை முன்மொழிபவர் என்கிறோமே, அதுவே இங்கே பொருத்தமான சொல். முன்மொழிபவர் நம் வேலையை நேரில் கண்டவராகவும், அந்த அறையில் இடம் உள்ளவராகவும், நாம் தவறினால் தம் பெயரும் கெடும் என்று தெரிந்தே பேசுபவராகவும் இருக்க வேண்டும். பெரிய மனிதர் ஒருவரிடம் சிபாரிசுக் கடிதம் வாங்கிவர அலையும் பெற்றோர் உண்டு. அந்தப் பெரிய மனிதருக்குப் பையனின் வேலை தெரியாது. செலவுத் திட்டம் பற்றிய கேள்விக்கு அந்தக் கடிதத்தில் பதிலும் இராது.

சரி, செலவுத் திட்டம்தான் தடை என்பது நண்பருக்கு எப்படித் தெரிந்தது? வேறொரு கம்பெனித் தோட்டத்தில் கண்டக்டராக இருந்த ஒருவர் மூலமாகத்தான். ஒரு பயிற்சி வகுப்பில் அறிமுகமாகி, ஆண்டுக்கு இரண்டு மூன்று முறை தொலைபேசியில் பேசிக்கொள்வார்கள், அவ்வளவே. "எங்கள் பக்கத்தில் இப்பொழுது மறுநடவுச் செலவுக் கணக்குப் போட்டவர்களைத்தான் எடுக்கிறார்கள். உங்கள் கம்பெனியிலும் அப்படித்தான் என்று கேள்வி," என்றார் அவர். இவர்தாம் மூன்றாமவர், சகத் தொழிலர். நமக்கு மேலும் இல்லை, கீழும் இல்லை. அதே வேலையை வேறோர் இடத்தில் செய்பவர். சம்பளம் எவ்வளவு, எங்கே இடம் காலியாகிறது என்பதையெல்லாம் மேலதிகாரியிடம் கேட்க முடியாது, இவரிடம் கேட்கலாம்.

ஒரே லயத்தில் இருப்பவர்கள் அறிந்த செய்தியை நாமும் ஏற்கெனவே அறிந்திருப்போம். புதுச் செய்தி தூரத்துப் பழக்கத்தின் வழியே வருகிறது. மார்க் கிரனோவெட்டர் என்ற சமூகவியலாளர் பாஸ்டன் நகருக்கு அருகே, தெரிந்தவர் மூலம் வேலை பெற்றவர்களை விசாரித்து 1973இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். ஏறத்தாழ ஆறில் ஐந்து பேருக்கு, அந்தத் தெரிந்தவர் எப்பொழுதாவதுதான் சந்திக்கும் ஒருவராகவே இருந்தார். ஆனால் சகத் தொழிலரும் ஒரு நாள் அதே பதவிக்கு மனுப் போடலாம். அதனால்தான் இவர் வேறு கம்பெனியில் இருந்தது நல்லதாயிற்று.

செய்தி கிடைத்ததும் நண்பர் என்ன செய்தார்? அவருடைய குலைக் கணக்கு பல மாதங்கள் ஆலையின் எடைக்கு நெருங்கி வந்ததை, தோட்டங்களைப் பார்வையிட வரும் மேலதிகாரி ஒருவர் கவனித்திருந்தார். அவரிடம் "எனக்குப் பதவி வாங்கித் தாருங்கள்" என்று நண்பர் கேட்கவில்லை. "மறுநடவுச் செலவுத் திட்டம் ஒன்றைப் போட்டுப் பார்க்க எனக்கு வாய்ப்புக் கொடுங்கள் ஐயா," என்றார். அறுபது ஹெக்டர் நிலத்தின் கணக்கு அவர் கைக்கு வந்தது. வழிகாட்டியிடம் போனால் யோசனையோடு திரும்புவோம். முன்மொழியக் கூடியவரிடம் போனால் ஒரு பொறுப்போடு திரும்புவோம். ஒருவர் எந்த வகை என்று இதைக் கொண்டே கண்டுகொள்ளலாம்.

நடுவில் மழை பிடித்துக்கொண்டு, வாய்க்கால் வெட்டும் செலவு ஏறிவிட்டது. கணக்கை மூடி மறைக்க மனம் சொல்லியிருக்கும். நண்பர் பழைய கிராணியாரிடம் ஓடினார். "மாதம் முடியுமுன் நீயே போய்ச் சொல்லிவிடு. எவ்வளவு ஏறியது, எதில் குறைப்பாய் என்று ஒரே தாளில் எழுதிக் கொண்டு போ," என்றார் கிராணியார். அப்படியே செய்தார். நமக்காகப் பேசப்போகிறவர், பிறர் சொல்லி நம் தவறை அறியும்படி விடலாகாது.

அடுத்த கூட்டத்தில் அதே கேள்வி வந்தது. "அறுபது ஹெக்டர் கொடுத்துப் பார்த்தேன். செலவு ஏறியபோது முதலில் வந்து சொன்னவரும் அவர்தான். அவருக்கு நான் பொறுப்பு," என்றார் அந்த அதிகாரி. நண்பர் 40 வயதில் உதவி நிர்வாகி ஆனார். மறு ஆண்டே அந்த அதிகாரி வேலை மாற்றலாகிப் போய்விட்டார். தமது வேலையை நேரில் காணக்கூடிய இன்னொருவரை நண்பர் இப்பொழுது தேடிக்கொண்டிருக்கிறார்; குலைக் கணக்கை மட்டும் இன்றும் அவரே நேரில் நின்று எண்ணுகிறார்.